110 டிகிரியில் சுலபமாக இறங்கிய பேரிங் ஓடும்போது ஏன் சூடேறியது?

உளி:
ஒரு பெரிய ஊதுவிசிறி. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்ததால் மெட்டல் ஸ்ப்ரே அடித்து கிரைண்டிங் பண்ணி வாங்கினோம். பேரிங் 6316 சி3, உள்விட்டம் 80 மி.மீ. டிராயிங்கில் ஷாஃப்டுக்கு கே5 போட்டிருந்தது, அதாவது 80.002 முதல் 80.015 வரை. வேலை முடிந்து வந்ததை நான் அளக்கவே இல்லை. இன்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி வைத்தேன், கையால் தள்ளியதுமே போய் உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பெருமை வேறு. ஆறின பிறகு கையால் சுற்றினால் கொஞ்சம் பாரமாக இருந்தது, கிரீஸ் என்று நினைத்துவிட்டேன். ஓடவிட்ட நாற்பதாவது நிமிஷம் 92 டிகிரி. கழற்றினால், அவுட்டர் ரேஸில் பந்து ஓடிய தடம் சுற்றுவட்டம் முழுக்க இருந்தது. சுமை கீழ்ப்பக்கம்தானே, தடமும் அங்கேதானே இருக்க வேண்டும்?

அப்புறம்தான் மைக்ரோமீட்டரை எடுத்தேன். ஷாஃப்ட் 80.038. அதே பெட்டியில் இருந்த இன்னொரு பேரிங்கின் ஓட்டை 79.992.

சுத்தியல்காரன்:
110 அதிகம் அண்ணே, 90 போதும். அவ்வளவு சூடு கொடுத்தால் அவ்வளவு இறுக்கும். இல்லாவிட்டால் சி4 வாங்கிப் போட்டிருக்கலாம்.

பழைய ஃபிட்டர்:
தம்பி சி4 பற்றிச் சொன்னது சரி, சூட்டைப் பற்றிச் சொன்னது தப்பு. ஆறின பிறகு எவ்வளவு இறுக்கும் என்பதை அளவுதான் தீர்மானிக்கும். சூடு, வழி திறந்துவிடும் வேலையை மட்டும் செய்யும்.

உளி கணக்கைப் பாருங்கள். 80.038-லிருந்து 79.992 போனால் 46 மைக்ரான். கெட்டி ஷாஃப்டில் இறுக்கத்தில் சுமார் 80 சதவீதம் இன்னர் ரேஸை விரித்து, பேரிங்கின் உள் கிளியரன்ஸைத் தின்னும். இங்கே 37 மைக்ரான் போச்சு. இந்த சைஸுக்கு சி3 கிளியரன்ஸ் 25 முதல் 51. குறைந்த பக்கம் இருந்த பேரிங் என்றால் பந்துகள் பூஜ்யத்துக்கும் கீழே, 12 மைக்ரான் நெருக்கத்தில். ஓடும்போது இன்னர் ரேஸ் அவுட்டரைவிடச் சூடாகி இன்னும் நெருக்கும். சுற்றுவட்டம் முழுக்கத் தடம் விழுந்தது அதனால்தான்.

சி4 என்றால் 46 முதல் 71, தப்பித்திருக்கும். ஆனால் அடுத்த தடவை யாராவது ஸ்டோரில் இருக்கிற சி3-யை எடுத்துப் போடுவார்கள். ஷாஃப்டை 80.012-க்குக் கொண்டுவாருங்கள், இறுக்கம் 20 ஆகும்.

சூட்டுக் கணக்கு அதற்குப் பிறகுதான். 80 மி.மீ. ஓட்டை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரான் விரியும். இறுக்கம் 20, தடையில்லாமல் இறங்க இடைவெளி 50, மொத்தம் 70. ஷாஃப்டைவிட 73 டிகிரி கூடுதல் வேண்டும். ஷாஃப்ட் 30-ல் இருந்தால் 103. ஹீட்டரிலிருந்து தூக்கிப் போவதற்குள் ஆறும், அதனால் 110 வைத்தால் சரி. நீங்கள் வைத்த சூடு சரியாகவே இருந்தது, பாருங்கள் வேடிக்கையை! ஆனால் அதே 110, 46 மைக்ரானுக்கும் வழிவிட்டு, தப்பை மறைத்துவிட்டது.

ரோலர்:
“ஷாஃப்டைவிட” என்று சொன்னாரே, அதில்தான் நான் மாட்டினேன். 100 மி.மீ. பேரிங், இறுக்கம் 45. பழைய இன்னர் ரேஸைத் தீ வைத்துக் கழற்றின கையோடு புதுசைப் போட்டோம். பேரிங் 110, ஷாஃப்ட் 65. வித்தியாசம் 45 டிகிரிதான், விரிவு 54 மைக்ரான். கையில் மிஞ்சியது 9. பாதி வழியில் நின்றது, அசையவில்லை. வெட்டி எடுத்தோம். இப்போது ஷாஃப்டையும் தொட்டு அளக்காமல் எதுவும் செய்வதில்லை.

கப்ளிங்:
நான் கப்ளிங்கை 250 வரை சூடேற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே? பேரிங்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

பழைய ஃபிட்டர்:
கப்ளிங் வேறு, பேரிங் வேறு. கடினமாக்கிய எஃகு, 125-ஐத் தாண்டினால் ரேஸின் அளவே நிரந்தரமாக மாறலாம், இன்னும் ஏறினால் கடினமும் இறங்கும். சீல் வைத்தது என்றால் 80-ஐ நான் தாண்டமாட்டேன்.

உளி:
ஷாஃப்டைத் திரும்ப கிரைண்டிங் அனுப்பிவிட்டேன். ஒரு சந்தேகம். அந்தத் தடவை ஷோல்டரில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தபோது 0.03 நுழைந்தது. தள்ளி உட்கார வைத்தேனே?

ரோலர்:
பேரிங் அகலவாக்கிலும் சுருங்கும். ஆறும் வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் முதலில் இறுகும் இடத்தில் நின்றுகொண்டு ஷோல்டரை விட்டு விலகும்.

சுத்தியல்காரன்:
ஷாஃப்டை உலர்பனியில் குளிரவைத்தால் பேரிங்கைச் சூடேற்றவே வேண்டாமே?

பழைய ஃபிட்டர்:
ஈரம் கோத்துத் துரு பிடிக்கும். நான் செய்ததில்லை.

ரோலர்:
நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன், துடைத்து எண்ணெய் தடவிப் போட்டோம். துரு ஒன்றும் வரவில்லை. ஆனால் இரண்டுமே சின்ன பேரிங்.