ஹெட்ஃபோனில் நம் குரல் தாமதமாகக் கேட்பது: உங்கள் அனுபவம் எப்படி?

கதைவாசகி
நான் ஆடியோபுக் வாசிப்பவள். ஒரு மைக், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், லேப்டாப், ஹெட்ஃபோன், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் வழியாக என் குரலைக் கேட்டுக்கொண்டே வாசித்தால், சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் காதில் வந்து விழும். அதற்காகக் காத்திருப்பது போல நாக்கு மெதுவாகிவிடும், வாக்கியக் கடைசியில் ஒரு இழுவை வரும். பஃபரை 512-லிருந்து 128 சாம்பிளாகக் குறைத்தேன். டைரக்ட் மானிட்டர் பட்டனையும் அழுத்தினேன். தாமதம் தெரியவில்லை, ஆனால் குழாய்க்குள் பேசுவது போல ஒரு ஓசை. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வேகப்புறா
128 போதாது, 64-க்கு இறக்குங்கள். டைரக்ட் மானிட்டரே தேவைப்படாது. நான் அப்படித்தான் ராப் பண்ணுகிறேன்.

பழையமிக்ஸர்
தம்பி சொல்வதில் பாதி சரி. 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் 1.3 மில்லிசெகண்ட்தான். ஆனால் குரல் உள்ளே போக ஒரு பஃபர், வெளியே வர ஒரு பஃபர், அதற்கு மேல் கன்வர்ட்டரும் டிரைவரும் எடுத்துக்கொள்ளும் நேரம். கனமான பிளகின் நாலைந்து ஓடினால் 64-ல் படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும், அதுவும் பதிவில் ஏறிவிடலாம்.

கதைவாசகி அம்மா, உங்கள் காதுக்கு இப்போது ஒரே குரல் இரண்டு வழியாக வருகிறது என்று நினைக்கிறேன். ஒன்று இன்டர்ஃபேஸுக்குள்ளேயே திரும்பி ஹெட்ஃபோனுக்கு வருவது. மற்றது கம்ப்யூட்டர் வரை போய்ச் சில மில்லிசெகண்ட் பிந்தி வருவது. இடைவெளி அதிகமாக இருந்தால் எதிரொலியாகத் தெரியும். உங்களுக்கு இருப்பது போலக் குறைவாக இருந்தால் இரண்டும் கலந்து சில அலைவரிசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடும், அதுதான் குழாய் ஓசை. பதிவில் ஒரு வழி மட்டும்தான் ஏறுகிறது, அதனால் அது சுத்தம்.

சோதனை சுலபம். டைரக்ட் மானிட்டரை அணைத்துவிட்டுப் பேசுங்கள். (மிக்ஸ் குமிழ் இருந்தால் முழுக்க பிளேபேக் பக்கம் திருப்புங்கள்.) அப்போதும் குரல் ஹெட்ஃபோனில் கேட்டால் சாஃப்ட்வேர் வழி திறந்திருக்கிறது. ட்ராக்கில் உள்ள மானிட்டர் பட்டனை அணையுங்கள்.

ஊர்சுற்றி
எனக்கும் இதே பிரச்சினைதான் சார். ப்ளூடூத் இயர்பட்ஸில் போன் பேசும்போது என் குரல் எதிரொலிக்கிறது. அதில் டைரக்ட் மானிட்டர் எங்கே இருக்கும்?

பழையமிக்ஸர்
அது வேறு கதை. பெரும்பாலும் எதிர்முனையில் ஸ்பீக்கரில் வைத்துப் பேசுகிறார்கள், உங்கள் குரல் அவர்கள் மைக்கில் நுழைந்து திரும்புகிறது. ஆனால் ரெக்கார்டிங்குக்கு ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். அதன் தாமதம் நூறு மில்லிசெகண்டைச் சாதாரணமாகத் தாண்டும். இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோன் ஓட்டையில் ஒயரைச் சொருகுங்கள்.

கதைவாசகி
செய்து பார்த்தேன் சார். ட்ராக் பட்டனை அணைத்தும் பிந்திய குரல் போகவில்லை, சொல்லப்போனால் தாமதம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் பார்த்தால் விண்டோஸில் அந்த மைக்கின் Properties-க்குள் `Listen to this device` டிக் ஆகியிருந்தது. அதை எடுத்ததும் சரியாகிவிட்டது. இன்று ஒரு அத்தியாயம் இழுவையே இல்லாமல் போனது.

சுருதிப்பெட்டி
நான் பாடுகிறேன். டைரக்டில் என் குரல் இடது காதில் மட்டும்தான் கேட்கிறது. அதோடு ரிவெர்ப் இல்லாமல் வறண்டு கிடப்பதால் சுருதியைப் பிடிக்கவே தயக்கமாக இருக்கிறது. அதனால்தான் தாமதம் பரவாயில்லை என்று சாஃப்ட்வேர் வழியிலேயே இருக்கிறேன்.

பழையமிக்ஸர்
மைக் முதல் இன்புட்டில் இருக்கும், டைரக்ட் ஸ்டீரியோவில் இருக்கும். மோனோவுக்கு மாற்றினால் இரு காதிலும் வரும். ரிவெர்ப்புக்கு ஒரு வழி: ட்ராக்கின் மானிட்டரைத் திறந்து, குரலை ஃபேடருக்கு முன்னாலேயே ரிவெர்ப் ட்ராக்குக்கு அனுப்புங்கள். பிறகு மூலக் குரலின் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு, ரிவெர்ப்பை நூறு சதவீதம் ஈரமாக வையுங்கள். நேர்க்குரல் டைரக்டில் வரும், எதிரொலிப்பு மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து வரும். ரிவெர்ப் பத்து இருபது மில்லிசெகண்ட் பிந்தினால் யாருக்கும் உறுத்தாது.

இன்னொன்று. டைரக்டில் நன்றாகக் கேட்கிறது என்பதால் பதிவாகிறது என்று நம்பிவிடாதீர்கள். பல இன்டர்ஃபேஸ்களில் குரல் கம்ப்யூட்டரைத் தொடாமலே காதுக்கு வந்துவிடும், ட்ராக்கை ஆர்ம் செய்ய மறந்தாலும் ஹெட்ஃபோனில் வித்தியாசம் தெரியாது. ஒரு கண் லெவல் மீட்டரில் இருக்கட்டும்.

சுருதிப்பெட்டி
மோனோ வேலை செய்கிறது, ரிவெர்ப்பும் வந்துவிட்டது, நன்றி அண்ணா. ஆனால் கரோக்கியோடு சரியாகப் பாடியும் பதிவில் என் குரல் ஒரு மயிரிழை பின்தங்கி விழுகிறது. கேட்கும்போது சரியாகத்தானே இருந்தது?

பழையமிக்ஸர்
காதில் கேட்பது ஒன்று, ட்ராக்கில் போய் விழும் இடம் வேறொன்று. டிரைவர் சொல்லும் தாமதக் கணக்கை வைத்துத்தான் சாஃப்ட்வேர் பதிவை முன்னே நகர்த்தும், அந்தக் கணக்கு தப்பாக இருக்கலாம். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை ஒரு ஒயரால் இன்புட்டில் கொடுத்து, ஒரு கிளிக்கை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். அப்போது டைரக்ட் மானிட்டர் அணைந்திருக்கட்டும். இரண்டு கிளிக்குக்கும் நடுவே எத்தனை சாம்பிள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வேகப்புறா
எனக்கென்னவோ அவர் தாளத்துக்குப் பின்னால் பாடுகிறார் என்றுதான் தோன்றுகிறது.

சுருதிப்பெட்டி
ஒயர் கிடைக்கட்டும், அளந்துவிட்டு வந்து பேசுகிறேன்.