பிஎஃப்பில் பிறந்த தேதி தப்பு, கம்பெனியும் மூடியாச்சு: ஆபீஸுக்கு எழுதித் திருத்தியவர்கள் இருக்கிறீர்களா?

மில்காரர் மகன்

அப்பா ஸ்பின்னிங் மில்லில் 1993இல் சேர்ந்தார், 2012இல் மில்லை மூடிவிட்டார்கள். பிஎஃப் பணம் அப்போதே எடுத்தாச்சு, பென்ஷனுக்கு ஸ்கீம் சர்டிபிகேட் மட்டும் கையில் இருந்தது. அப்பா பிறந்தது 14-06-1966. ஆக 2024 ஜூனில் 58 முடிந்ததும் பென்ஷன் கேட்கும் 10டி படிவம் போடப் போனோம். சர்டிபிகேட்டில் 01-01-1969 என்று இருக்கிறது, 58 ஆக இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது, இப்போதே வேண்டும் என்றால் குறைத்துத்தான் வரும் என்றார்கள்.

வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தோம். ஜாயிண்ட் டிக்ளரேஷன் படிவத்தில்தான் வர வேண்டும், அதில் முதலாளி கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மில்லே இல்லை, கேட்டில் புளியமரம் முளைத்துக் கிடக்கிறது, யாரிடம் கையெழுத்து வாங்குவது?

என் மனதில் ஓடிக்கொண்டே இருப்பது வேறு. செக்‌ஷனில் ஒரு அம்மா பொறுமையாகப் பழைய கட்டை எடுத்து அப்பா சேர்ந்தபோது கொடுத்த படிவத்தைக் காட்டினார். பிறந்த தேதி என்ற இடத்தில் தேதியே இல்லை, "வயது 24" என்று மட்டும் யாரோ எழுதியிருக்கிறார்கள். கீழே அப்பா கையெழுத்து. "93இல 24ன்னா 69 வருது, தேதி இல்லாததால ஜனவரி ஒண்ணு போட்டிருக்காங்க" என்றார் அந்த அம்மா. அப்பா, "எனக்கு அப்போ 27 நடக்குதுங்களே, யாரு எழுதினது இது?" என்று அவரிடமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இதே மாதிரி யாருக்காவது சரியாகியிருந்தால் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

செந்தில்_88

இதுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? மூன்று வருடத்துக்குள் வித்தியாசம் என்றால் ஆதார் காப்பி போதும். எனக்கு 2021இல் ஒன்றரை வருட வித்தியாசம், ஆதாரை மட்டும் ஏற்றினேன், கம்பெனி ஒப்புதல் கொடுத்தது, மாறிவிட்டது. உங்களுக்கும் இரண்டரைதானே. ஆன்லைனில் போடுங்கள், கடிதம் எழுதுகிற காலம் எல்லாம் போச்சு.

பழைய டைம்கீப்பர்

செந்தில் தம்பி, நீங்கள் சொல்வது 2020இல் வந்த சலுகை. 2024 ஜனவரியில் பிறந்த தேதிக்கான ஆதாரப் பட்டியலில் இருந்து ஆதாரை எடுத்துவிட்டார்கள். ஆன்லைனும் இவருக்கு ஒத்து வராது. ஆன்லைனுக்கு வேண்டிய யுஏஎன் என்கிற பிஎஃப் எண் வந்ததே 2014இல், இவர் அப்பா 2012லேயே வெளியே வந்துவிட்டார். எண்ணே இல்லாதவர் எதில் உள்ளே போவார்? இவர் காகிதத்தில்தான் கொடுக்க வேண்டும்.

மில்காரர் மகனுக்கு: மூடின கம்பெனி என்றால் முதலாளி கையெழுத்துக்குப் பதிலாக கெசட்டட் ஆபீசரோ பேங்க் மேனேஜரோ போஸ்ட்மாஸ்டரோ சான்றொப்பம் போடலாம். அப்பாவுக்குக் கணக்கு இருக்கிற பேங்க் மேனேஜரிடம் முதலில் கேளுங்கள், அவர்தான் ஆளைத் தெரிந்தவர். படிவத்தில் "தவறான விவரம்" பக்கத்தில் 01-01-1969, "சரியான விவரம்" பக்கத்தில் 14-06-1966. அதோடு ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம். அந்தக் கடிதத்தில் நீங்கள் இங்கே எழுதிய விஷயத்தைத்தான் எழுத வேண்டும்: சேர்ந்தபோது கொடுத்த படிவத்தில் தேதி இல்லை, வயது மட்டும் இருக்கிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பதிந்திருக்கிறார்கள், அசல் படிவத்தை உங்கள் கோப்பிலேயே பார்க்கலாம் என்று. தப்பு எங்கே நுழைந்தது என்று காட்டினால் அதிகாரிக்குக் கையெழுத்துப் போடத் துணிச்சல் வரும். வெறுமனே "மாற்றித் தரவும்" என்றால் வயதைக் கூட்டி சீக்கிரம் பென்ஷன் வாங்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைப்பார்கள். கம்பெனியில் இருபது வருடம் இந்தத் தாள்களோடு கிடந்தவன் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்குள் என்பதால் இரண்டு ஆதாரம் கேட்பார்கள், அதைத் தாண்டினால் மூன்று. அப்பா எதுவரை படித்தார்?

மீனாட்சி சுந்தரம்

எங்கள் அண்ணனுக்கு இதே பிரச்சினை, அப்பா பெயரில் இனிஷியல் மாறிவிட்டது. ஹெச்ஆரிடம் சொன்னோம், ஒரே வாரத்தில் மாற்றிவிட்டார்கள். ஹெச்ஆரைப் பிடியுங்கள் சார்.

மில்காரர் மகன்

சார், மில்லே இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

டைம்கீப்பர் ஐயா, அப்பா எட்டாவது வரைதான். டிசி இல்லை, ரெக்கார்டு ஷீட் இருக்கிறது, அதில் 14-06-1966 தெளிவாக இருக்கிறது. பான் கார்டிலும் அதே தேதிதான்.

வாசுகி

ரெக்கார்டு ஷீட்டை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். என் மாமனாருக்கு அதை வாங்கிப் பார்த்துவிட்டு "டூப்ளிகேட்டா, ஒரிஜினலா" என்று கேட்டார்கள், ஸ்கூலில் போன வருடம் எழுதி வாங்கினது என்றதும் ஓரமாக வைத்துவிட்டார்கள். கடைசியில் பிறப்புச் சான்றிதழ்தான் காப்பாற்றியது. அந்தக் காலத்தில் பதியாமல் விட்டவர்கள்தான் அதிகம், இப்போது பதிய ஆர்டிஓ உத்தரவு வாங்க வேண்டும், முதலில் தாலுகாவில் மனு, விஏஓ விசாரணை, பதிவு இல்லை என்று ஒரு சான்று, அப்புறம் உத்தரவு. அலைச்சல்தான், ஆனால் அந்தத் தாள் கையில் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பேரன் பாஸ்போர்ட்டுக்கு ஓடும்போதுகூட...

சரி, அது வேற கதை. செந்தில் சொன்ன மாதிரி ஆதார் மட்டும் கொண்டு போகாதீர்கள்.

செந்தில்_88

அக்கா, இப்போது புது யுஏஎன்காரர்களுக்கு ஆதாரில் இருக்கிற தேதியை வைத்துத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம், கம்பெனி ஒப்புதல்கூட வேண்டாம். 2025இல் வந்தது. அப்படி என்றால் ஆதார் செல்லாது என்பது எப்படி?

பழைய டைம்கீப்பர்

2017 அக்டோபருக்குப் பிறகு, ஆதாரோடு யுஏஎன் வாங்கினவர்களுக்கு அது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கவுண்டரில் போய் அந்த நியாயத்தைப் பேசி ஜெயிக்க முடியாது தம்பி.

வாசுகி அம்மா சொன்னது முக்கியம். ரெக்கார்டு ஷீட் அந்தக் காலத்திலேயே பள்ளியில் கொடுத்ததா? ஆம் என்றால் அதோடு பான் காப்பி. இப்போது எழுதி வாங்கினது என்றால் பள்ளி சேர்க்கைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு சேர்த்து வையுங்கள். ஸ்கீம் சர்டிபிகேட் நகலும் வையுங்கள், அசலைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள், 10டிக்கு அதுதான் வேண்டும். நேரில் கொடுத்து இன்வார்டு நம்பர் போட்ட நகல் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் குறைதீர் தளத்தில் புகார் போட்டால் "மனு வரவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

கொங்குப்பையன்

50 ஆனாலே பென்ஷன் வாங்கலாமே? குறைந்தாலும் பரவாயில்லை என்று இப்போதே போட்டுவிட்டு, தேதியை அப்புறம் திருத்திக்கொண்டால் என்ன?

பழைய டைம்கீப்பர்

58க்கு முன்னால் வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, 58 ஆனதும் அது திரும்பி வராது, உயிரோடு இருக்கும் வரை அதே தொகைதான். தேதியைத் திருத்திவிட்டால் 58 முடிந்த நாளில் இருந்து நிலுவையோடு முழுசாக வரும். அப்படிக் குறைத்து வாங்க ஆரம்பித்துவிட்டு, பிறகு பிறந்த தேதியை மாற்றக் கேட்டவர் ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.

மில்காரர் மகன்

ரெக்கார்டு ஷீட் அந்தக் காலத்தில் கொடுத்ததுதான், மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. பேங்க் மேனேஜர், ஹெட் ஆபீஸைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். போஸ்ட்மாஸ்டர் தெரிந்தவர், அவரிடம் வாங்கிவிடுகிறேன். வருகிற 27ஆம் தேதி எங்கள் மாவட்டத்தில் பிஎஃப் குறைகேட்பு முகாம் இருக்கிறது. அங்கே கொடுத்தால் இன்வார்டு நம்பர் தருவார்களா, இல்லை ஆபீஸுக்கே போய்விடட்டுமா? முகாமில் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?