கைப்பேசியில் நெரியும் கருவாட்டு விலை: பிழை அகலத்திலா, 120 பிக்சலிலா?

பாம்பன் கருவாட்டுக் கடை:
இணையப் பக்கம் அமைக்கும் எலிமென்டர் கருவியில் கடைப் பக்கத்தை நானே அமைத்தேன். கணினியில் ஒழுங்காக நிற்கிறது. கைப்பேசியில் திறந்தால் விலைப்பட்டியல் நடுவில் கயிறுபோலச் சுருங்கி, வரிக்கு ஒரு சொல்தான் நிற்கிறது. செக்ஷன் Boxed, அகலம் 1140, உள் ஓர இடைவெளியான Padding 120. எதை மாற்றுவது?

தொண்டி தம்பி:
அண்ணன், Boxed என்பதை Full Width ஆக்குங்கள். பெட்டிக்குள் அடைத்து வைத்தால் எழுத்து நெரியத்தான் செய்யும். நான் எல்லாப் பக்கத்துக்கும் இதைத்தான் செய்கிறேன்.

கீழக்கரை காக்கா:
இந்தத் தவறான வைத்தியத்தை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வாய் தம்பி? 1140 என்பது உச்ச வரம்பு. அதற்கு மேல் விரியாதே என்பதுதான் அதன் பொருள். 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசியில் அந்த வரம்பு குறுக்கே வருவதே இல்லை. Boxed வைத்தாலும் Full Width வைத்தாலும் அங்கே ஒன்றுதான்.

நெரிப்பது 120. இடப்பக்கம் 120, வலப்பக்கம் 120 என்று 240 போய்விடுகிறது. 360-இல் மிச்சம் 120. மூன்றில் ஒரு பங்கு இடத்தில் 'நெத்திலிக் கருவாடு கால் கிலோ' எப்படி ஒரே வரியில் நிற்கும்?

தொண்டி தம்பி:
நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். Full Width கொடுத்த உடனே எழுத்து விரிந்தது. கண்ணால் கண்டதை இல்லை என்கிறீர்களா?

கீழக்கரை காக்கா:
எந்தத் திரையில் கண்டாய்? கணினியில் கண்டிருப்பாய். 1440 திரையில் Boxed இருந்தால் எழுத்துக்கு 1140 கிடைக்கும். Full Width கொடுத்தால் 1440-இல் 240 போக 1200. அந்த 60 பிக்சல் விரிந்ததைத்தான் பார்த்திருக்கிறாய்.

பாம்பன்காரருக்கு இன்னொன்று. 1440-இல் 1140 போனால் இருபுறமும் 150, 150 வெற்றிடம் தானாகவே இருக்கிறது. அதற்குள் உங்கள் 120 அடங்கிப்போனது. அதனால்தான் கணினியில் அது இருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை. பெரிய திரையில் அது ஒரு வேலையும் செய்யவில்லை, சின்னத் திரையில் கழுத்தை நெரிக்கிறது.

தேவிபட்டினம் வாசகர்:
எங்கள் பக்கம் சிக்னல் குறைவு. படங்கள் கனமாக இருந்தாலும் பக்கம் இப்படித்தான் கோணலாகத் தெரியும். முதலில் படங்களின் அளவைக் குறையுங்கள்.

கீழக்கரை காக்கா:
கனமான படம் தாமதமாக வரும். வந்துவிட்ட எழுத்தை நெரிக்காது. கேட்டது வேகம் அல்ல, 120.

பாம்பன் கருவாட்டுக் கடை:
நான் இடப்பக்கம் மட்டும்தான் 120 என்று எழுதினேன். நான்கு பக்கமும் தானாக ஏறிவிட்டது.

கீழக்கரை காக்கா:
கட்டங்களின் ஓரத்தில் ஒரு சங்கிலிக் குறி இருக்கும். அது பூட்டியிருந்தால் ஒன்றில் எழுதுவது நான்கிலும் ஏறும். இப்படிச் செய்யுங்கள். செக்ஷனைத் தொட்டு Advanced பகுதிக்குப் போங்கள். Padding என்ற சொல்லுக்கு அருகில் சின்னத் திரைக்குறி இருக்கிறது, அதில் கைப்பேசியைத் தேர்ந்தெடுங்கள். சங்கிலியைக் கழற்றுங்கள். இடம் 16, வலம் 16, மேல் 40, கீழ் 40. கழற்ற மறந்தால் மேலும் கீழும் 16 ஆகி, அடுத்த செக்ஷனின் தலைப்பு விலைப்பட்டியலின் காலில் வந்து முட்டும்.

திரைக்குறியைத் தேர்ந்தெடுக்காமல் எழுதினால் கணினிக்குரிய அளவே மாறும். கைப்பேசிக்குத் தனியாக எண் கொடுக்காதவரை, மேலே உள்ள எண்தான் கீழே இறங்கும். உங்கள் 120 இறங்கி வந்த வழி அதுதான்.

சாயல்குடி கருப்பட்டி அக்கா:
எனக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்தவர் இந்த வம்பே வேண்டாம் என்று ஒரே பட்டியலை இரண்டு பிரதி வைத்தார். ஒன்று கைப்பேசியில் மறைந்திருக்கும், மற்றது கணினியில் மறைந்திருக்கும். நான் கணினியில் கருப்பட்டி விலையை ஏற்றினேன். கைப்பேசியில் பழைய விலையே நின்றது. வாடிக்கையாளர் ஒருவர் திரையைக் காட்டிச் சண்டை போட்டார், பழைய விலைக்கே கொடுத்து அனுப்பினேன். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

தொண்டி தம்பி:
பார்த்தீர்களா, கைப்பேசிக்குத் தனியாக ஏதாவது செய்யப் போனால் இதுதான் கதி. Full Width ஒரே இடத்தில் மாற்றுவது.

கீழக்கரை காக்கா:
அக்காவுக்கு நேர்ந்தது வேறு. மறைப்பது கண்ணுக்குத்தான், பிரதி இரண்டும் பக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. நான் சொன்னது ஒரே பட்டியல், ஓர அளவு மட்டும் இரண்டு. விலையை மாற்றினால் எல்லாத் திரையிலும் மாறும். இரண்டையும் ஒன்றாக்காதே.

போன மாதம் ஒரு தங்கும் விடுதிப் பக்கத்தையும் நீதான் Full Width ஆக்கினாய். 1920 திரையில் ஒரு வரி 1700 பிக்சலுக்கு ஓடுகிறது. படித்து முடித்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

தொண்டி தம்பி:
அந்த விடுதிக்காரர் என்னிடம் குறை சொல்லவில்லை. வேலை உங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற கோபத்தை இங்கே கொட்ட வேண்டாம் காக்கா.

கீழக்கரை காக்கா:
வேலை கேட்டு நான் யார் வாசலுக்கும் போனதில்லை. 360-இல் 240 போனால் எவ்வளவு மிச்சம்? அதற்கு மட்டும் பதில் சொல்.

பாம்பன் கருவாட்டுக் கடை:
16 கொடுத்தேன். விலைப்பட்டியல் சரியாகிவிட்டது, 'நெத்திலிக் கருவாடு' ஒரே வரியில் நிற்கிறது. ஆனால் இதுவரை இல்லாத புதுத் தொல்லை. விரலை வைத்தால் பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகர்கிறது, வலது ஓரத்தில் வெள்ளைப் பட்டை தெரிகிறது.

தொண்டி தம்பி:
120 இருந்தவரை நகரவில்லை. உங்கள் 16 வந்ததும் நகர்கிறது. இப்போது யார் வைத்தியம் தவறு?

கீழக்கரை காக்கா:
பாம்பன்காரரே, செக்ஷன்களின் அடுக்குப் பட்டியலைத் திறந்து, கைப்பேசிப் பார்வையில் ஒவ்வொன்றாகக் கண் குறியை அழுத்தி மறையுங்கள். எதை மறைத்ததும் நகர்வது நிற்கிறதோ அதற்குள்தான் குற்றவாளி.

பாம்பன் கருவாட்டுக் கடை:
படகுப் படத்தை மறைத்ததும் நின்றது. கணினியில் அதை வலது ஓரத்துக்கு இழுக்க, வெளி ஓர இடைவெளியான Margin-இல் வலப்பக்கம் -60 கொடுத்திருந்தேன்.

கீழக்கரை காக்கா:
வலப்பக்கம் 120 இருந்தபோது அந்த 60 அதற்குள் ஒளிந்துகொண்டது. இப்போது 16 போக 44 பிக்சல் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பேசிக்கு மட்டும் அதை 0 ஆக்குங்கள். ஒரு பிழை இன்னொரு பிழையை மூடி வைத்திருந்தது. 16 அதைத் திறந்து காட்டியது, உண்டாக்கவில்லை.

தொண்டி தம்பி:
ஆக, நீங்கள் சொன்னதைச் செய்த பிறகு இன்னோர் இடத்திலும் கை வைக்க வேண்டியிருந்தது. என் வழியில் அது தேவைப்பட்டிருக்காது.

கீழக்கரை காக்கா:
உன் வழியில் 120 அப்படியே இருந்திருக்கும். எழுத்தும் நெரிந்தே இருந்திருக்கும். Full Width மட்டும் மாற்றி, 120-ஐத் தொடாமல், கைப்பேசித் திரையை ஒரு படம் எடுத்துப் போடு. நேற்றிலிருந்து கேட்கிறேன்.

தொண்டி தம்பி:
நேரம் கிடைக்கும்போது போடுகிறேன். என் வாடிக்கையாளர்களுக்கு Full Width-தான் கொடுப்பேன்.

தேவிபட்டினம் வாசகர்:
படகுப் படத்தில்தான் பிழை என்று இப்போது தெரிந்துவிட்டது. படங்களைப் பார்க்கச் சொன்னவன் நான்தான்.

சாயல்குடி கருப்பட்டி அக்கா:
காக்கா, என் இரண்டு பிரதியில் எதை அழிப்பது? கணினிப் பிரதியை வைத்துக்கொண்டால் அதன் ஓரத்திலும் 100 இருக்கிறது.