ரத்த சோகைக்கு இரும்பு மாத்திரையா, டிரிப்ஸா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தோழிகளே, என் அக்காவுக்கு 43 வயசு. பீரியட்ஸ் ஒரு வாரம் தாண்டியும் நிற்கறதில்ல, கட்டி கட்டியா போகுது. இப்போ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. வயசாகுதுன்னு வீட்டுல சமாதானம் சொன்னாங்க. நான்தான் டெஸ்டுக்கு இழுத்துட்டுப் போனேன்.

ஹீமோகுளோபின் 7.6. உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்பு இருக்குன்னு காட்டற ஃபெரிட்டின் வெறும் 5. ஸ்கேன்ல கர்ப்பப்பைக்கு உள்பக்கமா ஒரு ஃபைப்ராய்டு கட்டி. ரத்தப்போக்கைக் குறைக்காம இரும்பு மட்டும் கொடுத்தா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதைதான்னு டாக்டர் சொல்லி, பீரியட்ஸ் நாட்களுக்கு டிரானெக்சாமிக் ஆசிட் கொடுத்திருக்காங்க.

சிக்கல் இரும்பு மாத்திரையில. ரெண்டு வேளை போட்டதுல வயித்துவலி, மலச்சிக்கல். (மலம் கருப்பா போறது மாத்திரையாலதானாம்.) இப்போ ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயித்துல ஒண்ணு, அதையொட்டி காபி, டீ கூடாது. ஒரு மாசத்துல ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறலன்னா நரம்பு வழியா இரும்பு ஏத்தணுமாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலிச்சாலோ உடனே வரச் சொல்லியிருக்காங்க.

டிரிப்ஸ்ல இரும்பு ஏத்திக்கிட்டவங்க இருக்கீங்களா? மூச்சு வாங்கறது குறைய எத்தனை நாளாச்சு? அப்புறம், உள்பக்க ஃபைப்ராய்டு இருந்தா ரத்தப்போக்கைக் குறைக்க கர்ப்பப்பைக்குள்ள வைக்கற ஹார்மோன் காயில் நழுவி வெளியே வந்துடலாம்னு சொல்றாங்க. யாருக்காவது அப்படி ஆச்சா, இல்ல ஃபைப்ராய்டை முதல்ல எடுத்துட்டீங்களா?