டெல்டாவில் லைன் கரன்ட் ஏன் 20 ஆம்பியர் வரவில்லை?

அண்ணன்மாரே, மார்த்தாண்டம் பக்கம் ஒரு கொப்பரை உலர்த்தியில் வேலை பழகுகிறேன். ஹீட்டரில் மூன்று காயில், ஒவ்வொன்றும் 41.5 ஓம், 415 வோல்ட் லைனில் டெல்டா. காயிலுக்குள் 10 ஆம்பியர், சரி. ஒவ்வொரு முனையிலும் இரண்டு காயில் சேர்வதால் லைனில் 20 வரும் என்று பார்த்தால் கிளாம்ப் மீட்டர் 17.3 காட்டுகிறது. இரண்டு கரன்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாமல் 120 டிகிரி விலகி நிற்பதால்தான் இரட்டிப்பாகாமல் 1.732 மடங்கு ஆகிறது என்று புரிந்துகொண்டேன், சரிதானா?

அதையே ஸ்டாரில் மாற்றினால் காயிலுக்கு 240 வோல்ட்தான், லைனிலும் காயிலிலும் அதே 5.8 ஆம்பியர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. சூடும் அதே அளவு குறையும். லோடோடு ஓடும் டெல்டா மோட்டாரை ஸ்டாரில் போட்டாலும் கரன்ட் இப்படியே குறையுமா, இல்லை டார்க் போதாமல் இழுத்துச் சூடாகிவிடுமா? மோட்டார் கட்டுபவர்கள் யாராவது சொல்லுங்கள்.