மருத்துவ விடுமுறை அறிவிப்பு: தமிழாக்கினேன், ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்கிறார்கள்

பிறை_மனிதவளம் எழுதியது:

வணக்கம். பினாங்கில், பிறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை. தலைமையகத்திலிருந்து மருத்துவ விடுமுறை பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. மலாய்ப் பிரதியை அவர்களே அனுப்பிவிட்டார்கள், தமிழ் என் பொறுப்பு. படிக்கப் போகிறவர்கள் லைனில் நிற்கும் ஆட்கள். பெரும்பாலும் இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், கொஞ்சம் பேர் தமிழ்நாட்டிலிருந்து கான்ட்ராக்டில் வந்தவர்கள்.

நான்காம் விதி ஆங்கிலத்தில் "ஷல்", "மே" எல்லாம் வைத்து, கமா போட்டு நீளும் ஒரே வாக்கியம். நான் போட்டது இது:

> நோய்வாய்ப்படும் எந்தவோர் ஊழியரும் பணிநேரத் தொடக்கத்திற்கு முன்னர் தமது நேரடி மேற்பார்வையாளருக்குத் தெரிவிப்பதோடு, மருத்துவச் சான்றிதழை 48 மணி நேரத்திற்குள் சமர்ப்பிக்கவும் வேண்டும். தவறும் பட்சத்தில், நியாயமான காரணம் இருந்தாலன்றி, அவ்வருகையின்மை அனுமதியற்றதாகக் கருதப்பட்டு நிறுவனத்தால் ஒழுங்கு நடவடிக்கை மேற்கொள்ளப்படலாம்.

இரண்டு லைன் லீடர்களிடம் காட்டினேன். ஒருவர், "அப்போ ஷிப்டுக்கு முன்னாடி போன் போடலைன்னா எம்.சி. இருந்தாலும் ஆப்சென்ட்டா?" என்றார். இன்னொருவர், "மேற்கொள்ளப்படலாம்னா, எடுக்காமலும் விடலாம்தானே" என்று சிரித்தார். மேனேஜருக்கோ அறிவிப்பு அறிவிப்பு மாதிரியே இருக்க வேண்டும், பேச்சுத்தமிழ் வரக்கூடாது. எப்படிப் பிரிப்பது?

---

பட்டர்வொர்த்_வாசகன்:

வாக்கியம் ரொம்ப நீளம், அதுதான் கோளாறு. நான்காக உடையுங்கள். "கருதப்பட்டு", "மேற்கொள்ளப்படலாம்" என்று படு, படு என்று அடுக்காதீர்கள். கட்டளைத் தொனியும் வேண்டாம், நம் ஆட்களுக்கு மரியாதையாகச் சொன்னால் போதும்:

> உடல்நலம் சரியில்லை என்றால் ஷிப்டுக்கு முன் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும். எம்.சி.யை 48 மணி நேரத்திற்குள் கொடுக்கவும். தவறினால் விடுமுறை ஏற்கப்படாது. நடவடிக்கை எடுக்கப்படலாம்.

இதுவே தெளிவு.

---

துபாஷி:

தம்பி வாசகன், உடைக்கச் சொன்னது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. நான் பினாங்கில் பல காலம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

முதலில் "தெரிவிக்கவும், கொடுக்கவும்". இது வேண்டுகோள் வடிவம். "குப்பையைத் தொட்டியில் போடவும்", "கதவைச் சாத்தவும்" வகை. ஆங்கிலத்தில் "ஷல்" என்று இருக்கிறதே, அது கடமை. தமிழில் கடமைக்கு "தெரிவிக்க வேண்டும்" ஒன்றுதான். கண்டிப்பாக இருப்பதால் மரியாதை குறையாது. பிறகு விசாரணை என்று வந்தால், "தெரிவிக்கவும்னு கேட்டுக்கொண்டீர்கள், கட்டாயம்னு எழுதலையே" என்று ஒருவர் சொன்னால் பதில் கிடையாது.

இரண்டாவது, நீங்கள் விட்டுவிட்டது: "நியாயமான காரணம் இருந்தாலன்றி". சுருக்கும்போது முதலில் விழுவது விதிவிலக்குதான். அது ஊழியருக்கான பாதுகாப்பு. அதைக் காணோம் என்றால் தமிழ்ப் பிரதி ஆங்கிலத்தைவிடக் கடுமையாகிவிடும்.

இப்போது பிறையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு. உங்கள் லைன் லீடர் கேட்டது மிக நல்ல கேள்வி. "தவறும் பட்சத்தில்" என்றால் எதில் தவறினால்? போன் செய்வதிலா, சான்றிதழ் கொடுப்பதிலா, இரண்டிலுமா? மூலத்திலேயே அது தெளிவில்லை. ஆங்கில வாக்கியம் கமா போட்டு நழுவிவிடும், கடைசி வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். நீங்கள் வாக்கியத்தை உடைக்கப்போனால், "இதைச் செய்யாவிட்டால் இது" என்று சேர்த்தே எழுத வேண்டியிருக்கும். அதை ஊகித்து எழுதாதீர்கள். எழுதியவரிடம் கேளுங்கள்.

கேட்கும்போது இதையும் சொல்லுங்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எப் பிரிவு, விடுமுறை தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவித்தாரா, தெரிவிக்க முயன்றாரா என்றுதான் பார்க்கிறது. காகிதத்தை 48 மணி நேரத்திற்குள் கையில் கொடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. உங்கள் அறிவிப்பில் "சமர்ப்பிக்க" என்று இருக்கிறது. தலைமையகம் தெரிந்தே அப்படி வைத்ததா, தெரியாமலா, அவர்கள்தான் சொல்ல வேண்டும். நீங்களாகத் திருத்துவதும் தவறு, கண்டும் பேசாமல் இருப்பதும் சரியில்லை.

---

செந்தூல்_அக்கா:

எனக்கும் இதே பிரச்சனை! போன மாசம் காய்ச்சல், ராத்திரி வேற கிளினிக்குல போய் எம்.சி. வாங்கினேன், கம்பெனி வெச்சிருக்கிற பேனல் கிளினிக் இல்லைன்னு எங்க ஆபிஸ்ல வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. இது சட்டப்படி சரியா? யாருக்காவது தெரியுமா?

---

துபாஷி:

அக்கா, இங்கே பேச்சு அறிவிப்பை எப்படி எழுதுவது என்பது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். அதே பிரிவில் இருக்கிறது: முதலாளி நியமித்த மருத்துவர் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காத நிலை என்றால், வேறு பதிவுபெற்ற மருத்துவரிடம் போகலாம். உங்கள் விஷயம் அதில் வருமா என்பது அந்த இரவு பேனல் கிளினிக் திறந்திருந்ததா என்பதைப் பொறுத்தது. தொழிலாளர் துறையில் நேரே கேட்டுவிடுங்கள்.

பிறை அம்மா, உங்கள் அறிவிப்பில் பேனல் பற்றி விதி இருந்தால் அதன் விதிவிலக்கும் தமிழில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பிறை_மனிதவளம்:

நன்றி ஐயா. தலைமையகத்தில் கேட்டேன். "தவறினால்" 48 மணி நேரத்திற்கு மட்டும்தானாம். ஷிப்டுக்கு முன் போன் செய்யாதது தனி விஷயம், அதற்கு எச்சரிக்கைக் கடிதம், ஆனால் எம்.சி. செல்லும். "சமர்ப்பிக்க" என்பதை அவர்களே ஆங்கிலத்தில் "தெரிவிக்க அல்லது தெரிவிக்க முயல" என்று மாற்றிவிட்டார்கள். வேலைக்குத் திரும்பும் நாளில் காகிதம் கொடுத்தால் போதும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். இப்போது நான்காம் விதி:

> 4.1 உடல்நலமின்றி வேலைக்கு வர இயலாத ஊழியர், தமது ஷிப்ட் தொடங்கும் முன் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும்.
>
> 4.2 மருத்துவ விடுமுறை தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் ஊழியர் அதை நிறுவனத்திற்குத் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். எம்.சி.யை வேலைக்குத் திரும்பும் நாளில் கொடுக்க வேண்டும்.
>
> 4.3 விதி 4.2-இல் சொன்ன 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவோ, தெரிவிக்க முயலவோ இல்லை என்றால், எம்.சி. இருந்தாலும் அந்த நாள்கள் அனுமதியின்றி வேலைக்கு வராத நாள்களாகவே கருதப்படும். நியாயமான காரணம் இருந்தால் இவ்விதி பொருந்தாது.
>
> 4.4 இவ்வாறான நிலையில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் நிறுவனத்திற்கு உண்டு.

4.4-இல் "எடுக்கப்படலாம்" வேண்டாம் என்று நானே மாற்றினேன். லைன் லீடர் சிரித்தது மனதில் இருந்தது.

---

துபாஷி:

நன்றாக வந்திருக்கிறது. "அதிகாரம் உண்டு" என்பதுதான் சரி. ஆங்கில "மே" இங்கே நிறுவனத்தின் விருப்புரிமை, "நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்ற சந்தேகம் அல்ல. தமிழ் "லாம்" இரண்டுக்கும் வரும், அதனால் ஆட்கள் தங்களுக்குச் சாதகமாகப் படித்துக்கொள்வார்கள்.

"கருதப்படும்" இருக்கட்டும். வாசகன் எடுக்கச் சொன்னார், ஆனால் உண்மையில் வராமல் இருந்தது நோயால் என்றாலும் சட்டக் கணக்கில் அது வேறு மாதிரி வைக்கப்படும் என்பதைச் சொல்ல அந்தச் சொல் தேவை. யார் செய்ய வேண்டும் என்று தெரியாத இடத்தில்தான் "படு" ஆபத்து. "அறிவிக்கப்பட வேண்டும்" என்று எழுதினால் யார் அறிவிப்பது? அதை மட்டும் தேடித் தேடி எடுங்கள்.

எண்களையும் ஆங்கிலத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே 4 என்று ஒரே எண், உங்களிடம் 4.1 முதல் 4.4. யாராவது "4.3-ஐ மீறினார்" என்று கடிதம் எழுதினால் ஆங்கிலப் பிரதியில் அது இருக்காது. ஆங்கிலத்தையும் மலாயையும் அதே மாதிரி பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். மாட்டோம் என்றால் 4-இன் கீழ் எண் இல்லாமல் பத்தி பத்தியாக வையுங்கள்.

---

கிள்ளான்_ஷிப்ட்:

நான் தொழிலாளி, படிக்கிறவன் பக்கம் நின்னு பேசறேன். மூணு விஷயம் கேட்கலாமா?

"மேற்பார்வையாளர்" யாரு? எங்க இடத்துல ராத்திரி ஷிப்ட்ல சூப்பர்வைசர் கிடையாது, லைன் லீடர்தான். யாரைக் கூப்பிடணும்னு நம்பர் போட்டா போதும், அந்த ஒரு வரி மத்த எல்லாத்தையும்விட உதவும்.

48 மணி நேரம் எப்போ தொடங்கும்? திங்கள் ராத்திரி 7 மணி ஷிப்ட், நான் மத்தியானம் 2 மணிக்கு கிளினிக் போயி எம்.சி. வாங்கினேன்னா, புதன் 2 மணியா, புதன் ராத்திரி 7 மணியா? எம்.சி.ல தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது.

"தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும்"னா என்ன? வாட்ஸ்அப்ல போட்டா, ஒரு டிக்தான் விழுந்தா?

---

பட்டர்வொர்த்_வாசகன்:

அதெல்லாம் அறிவிப்பில் விளக்கி எழுதிவிடலாமே. "எ.கா. வாட்ஸ்அப்" என்று அடைப்புக்குறியில்.

---

துபாஷி:

ஆங்கிலத்தில் இல்லாததைத் தமிழில் மட்டும் சேர்த்தால் தமிழ்ப் படிப்பவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு வேறு விதி. அறிவிப்புக்குக் கீழே கோடு போட்டு "விளக்கம்" என்று தனியாக, தலைமையகம் ஒப்புக்கொண்ட பிறகு போடலாம். வாட்ஸ்அப்பை "முயற்சி" என்று ஏற்பார்களா என்பதை நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது.

நேரக் கணக்கில் கிள்ளான் தம்பி பிடித்துவிட்டார். "தொடங்கிய" என்று சட்டமே சொல்கிறது, எந்த மணியிலிருந்து என்று சொல்வதில்லை. அதையும் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஐந்தாம் விதியில் தொடர்ந்து வராதது பற்றி இருக்குமே, அதையும் பாருங்கள். சட்டத்தின் 15(2) பிரிவில், "தொடர்ச்சியாக இரண்டு வேலை நாள்களுக்கு மேல்" அனுமதியின்றி வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். "இரண்டு நாளுக்கு மேல்" என்று படிப்பவர் இரண்டாம் நாளையே கடைசியாக நினைப்பார். மூன்றாம் வேலை நாளும் வராவிட்டால்தான் அது. "வேலை நாள்" என்பதையும் விடாதீர்கள். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று சுழலும் ஷிப்டில், வேலை நாளின் கடைசி இரண்டும் வராதவர் ஓய்வு முடிந்து திரும்ப வர வேண்டிய முதல் நாளும் வரவில்லை என்றால், அதுவே மூன்றாவது. இடையில் வந்த ஓய்வு நாள் கணக்கை அறுக்காது, கணக்கிலும் சேராது. இங்கும் நியாயமான காரணம் இருந்து, அதைத் தெரிவித்திருந்தாலோ தெரிவிக்க முயன்றிருந்தாலோ விதிவிலக்கு.

---

பிறை_மனிதவளம்:

ஐந்தாம் விதியில் நான் "இரண்டு நாட்களுக்கு மேல்" என்றுதான் போட்டிருந்தேன். இப்போது: "அனுமதியின்றித் தொடர்ச்சியாக இரண்டு வேலை நாள்கள் வராமல், மூன்றாவது வேலை நாளும் வராத ஊழியர்…" சரிதானே ஐயா?

லைன் லீடர்கள் இருவரிடமும் நான்காம் விதியைத் திரும்பக் கொடுத்தேன். இந்த முறை "புரிகிறதா" என்று கேட்கவில்லை, கிள்ளான் அண்ணன் கேட்ட மாதிரி சம்பவம் கொடுத்தேன்: போன் செய்யவில்லை, மறுநாள் மத்தியானம் தகவல் சொன்னார், எம்.சி. இருக்கிறது, என்ன ஆகும்? இருவரும் "எம்.சி. செல்லும், ஆனா போன் செய்யாதது தப்பு" என்றார்கள்.

ஒன்று இன்னும் முடியவில்லை. மேனேஜர் முழுக்க "ஊழியர்" என்றே இருக்கட்டும் என்கிறார், லைன் லீடர்கள் "நீங்கள்" என்று இருந்தால் சட்டென்று படிக்கிறது என்கிறார்கள்.

---

துபாஷி:

மூன்றாவது நாள் வாக்கியம் சரி.

"நீங்கள்" பற்றி எனக்கே இரண்டு மனம். செய்ய வேண்டியதைச் சொல்லும் இடத்தில் "நீங்கள்" நல்லது, தண்டனைப் பகுதியில் "நீங்கள்" மிரட்டுவது மாதிரி விழும். ஒரே அறிவிப்பில் இரண்டையும் கலந்தால் வக்கீல்கள் ஒத்துக்கொள்வதில்லை. அறிவிப்பின் கீழே, மொழிகளுக்குள் முரண்பாடு வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்ற வரி இருக்கிறதா?

---

பிறை_மனிதவளம்:

இருக்கிறது, ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று. அதைத் தமிழில் கடைசியில் சின்ன எழுத்தில் வைத்திருந்தேன். மேலே தலைப்புக்குக் கீழேயே ஏற்றிவிடுகிறேன். 48 மணி நேரமும் வாட்ஸ்அப்பும் தலைமையக வக்கீலிடம் போயிருக்கின்றன. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். அதுவரை பலகையில் மலாய்ப் பிரதி மட்டும்தான்.

---

கிள்ளான்_ஷிப்ட்:

ராத்திரி ஷிப்ட் நம்பரை மறந்துடாதீங்க அக்கா.