தலைவர் பிரெஞ்சில் வரவேற்புரை ஆற்றலாமா?

தோட்டத்துச் செயலாளர், சுங்கை சிப்புட்:
எங்கள் பொங்கல் விழாவுக்கு இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவிலிருந்து தமிழ் வம்சாவளியினர் 15 பேர் வருகிறார்கள். வீட்டில் கிரியோல், வெளியில் பிரெஞ்சு, தமிழ் தெரியாது. தலைவர் பிரெஞ்சிலேயே வரவேற்க ஆசைப்படுகிறார், ஆனால் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் போதுமா?

கங்காணி பேரன்:
தமிழ் விழாவில் தமிழ்தான் ஒலிக்க வேண்டும். தமிழைத் தேடித்தானே அவ்வளவு தூரம் வருகிறார்கள்? தலைவர் தமிழில் பேசட்டும், ஒருவர் பக்கத்தில் நின்று பெயர்த்துச் சொல்லட்டும்.

பிரெஞ்சு டீச்சர், ஈப்போ:
முதல் இரண்டு நிமிடம் பிரெஞ்சு, மீதி தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் 150 சொல்லுக்கு மேல் அதில் அடங்காது.

தமிழ் எழுத்தில் எழுதலாம், ஆனால் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். 'உங்களை வரவேற்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி' என்பது 'நூ ஸாவோன் லா ஜ்வா த வூ ரெஸெவ்வார்' என்று வரும். இதில் இரண்டாவது சொல்லின் 'ஸா' தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிர வேண்டும். நம் 'ஸ'வை அப்படியே காற்றாக ஊதினால் 'எங்களுக்கு இருக்கிறது' என்பது 'எங்களுக்குத் தெரியும்' என்று மாறிவிடும். அதிரும் ஒவ்வொரு 'ஸ'வையும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். 'போன்ஜூர்' தொடக்கத்தில் வரும் 'போ'வுக்கும் வட்டம் வேண்டும், அது 'பஸ்' என்பதன் முதல் எழுத்தைப்போல் ஒலிக்க வேண்டும். 'நூ', 'ஸாவோன்' இரண்டுக்கும் நடுவே மூச்சு விடக் கூடாது. விட்டால் அந்த அதிர்வே வராது. மூச்சு விடும் இடத்தில் மட்டும் சாய்கோடு போடுங்கள்.

உதட்டைக் குவித்து 'ஈ' சொல்லும் ஒலி ஒன்று பிரெஞ்சில் உண்டு. அதைப் பழகியவர்கள் எல்லா 'ஊ'விலும் அதையே நுழைத்துவிடுவார்கள். 'மெர்சி போகூ'வின் கடைசி 'கூ' நம் சாதாரண 'கூ'தான். அங்கே உதட்டைக் குவித்து 'ஈ' சொன்னால் நன்றிக்குப் பதிலாக யாருடைய பின்புறத்தையோ புகழ்ந்ததாகிவிடும். மேடையில் வேண்டாம்.

மேடைப் பேச்சாளர்:
உச்சரிப்பு இருக்கட்டும், மரியாதை எங்கே? விழாத் தலைவர் அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே என்று வரிசையாக விளிக்க வேண்டாமா? பிரெஞ்சுக்காரர்களும் பதவி வரிசை பார்ப்பவர்கள்தான்.

பிரெஞ்சு டீச்சர், ஈப்போ:
வரிசை பார்ப்பார்கள் என்பது சரி. ஆனால் பெயரும் பட்டமும் நீளாது. வரும் குழுவின் தலைவர் ஆண் என்றால் 'மெஸ்யே லெ பிரெஸிதான்', பெண் என்றால் 'மதாம் லா பிரெஸிதான்த்'. அடுத்து 'மேதாம், மேஸ்யே', அதோடு 'ஷேர் ஸாமி' சேர்த்தால் முடிந்தது. நம் பட்டியலை அங்கே கொட்டினால் இரண்டு நிமிடமும் அதிலேயே போய்விடும். உள்ளூர்ப் பிரமுகர்களைத் தமிழ்ப் பகுதியில் அழையுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மேடைப் பேச்சாளர்:
எங்கள் ஊரில் கோபிப்பார்கள்.

பத்துகாஜா அம்மா:
டீச்சர், என் மகன் கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிக்கப்போகிறான். அதற்கும் இந்தப் பிரெஞ்சு போதுமா?

பிரெஞ்சு டீச்சர், ஈப்போ:
போதாது அம்மா, அது தேர்வெழுதிப் போவது.

தோட்டத்துச் செயலாளர், சுங்கை சிப்புட்:
தலைவர் ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்கிறார்: 'உங்கள் பாட்டனாரும் எங்கள் பாட்டனாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள்.'

கங்காணி பேரன்:
அருமையான வரி! இதற்காகப் பிரெஞ்சையே மன்னித்துவிடுகிறேன்.

பிரெஞ்சு டீச்சர், ஈப்போ:
வரி அருமைதான், உண்மை இல்லை. ரியூனியனில் 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனார்கள்; 1860 ஒப்பந்தத்துக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் எடுத்தார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்திவிட்டது. நம்மவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். ரப்பருக்காக வந்த பெருங்கூட்டம் அதற்கெல்லாம் பிந்தியது. வருபவர்களில் குடும்ப வரலாற்றைத் தோண்டியவர் ஒருவராவது இருப்பார், தலைவரைத் திருத்திவிடுவார். 'நீங்கள் கரும்பு வெட்டினீர்கள், நாங்கள் பால் மரம் வெட்டினோம்' என்று சொல்லலாம்.

கங்காணி பேரன்:
விருந்தாளியை மாலை போட்டு உட்காரவைத்துக் கூலி வேலையை நினைவூட்டுவதா? கப்பலே மேல். உணர்ச்சிக்குத் தேதி எதற்கு?

பிரெஞ்சு டீச்சர், ஈப்போ:
அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். செயலாளர், அங்கிருந்து உங்களோடு தொடர்பில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள். அப்படியே தலைவரைத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். 'புரிந்ததா' என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார். என்ன கேட்டது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

தோட்டத்துச் செயலாளர், சுங்கை சிப்புட்:
வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாசித்துப் பார்க்கிறார். கப்பல் வரியை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.